ஆடிக்கு முன்னாடி ஒரு பதினஞ்சு நாள்

உள்ள வாம்மா, செருப்பு கெடக்கட்டும், அப்படி ஓரமா விட்டுட்டு வா. இது ஹால். அது சமையல்கட்டு. மேடை கருங்கல்லு, இப்ப போடற மாதிரி பளபளன்னு வராது, ஆனா சுத்தியல் போட்டாலும் ஒடையாது. மேல நாங்க ரெண்டு பேரு மட்டும்தான். நானும் எங்க வீட்டுக்காரரும். பையன் பெங்களூர்ல. சத்தம் கித்தம் ஒண்ணும் இருக்காது.

ஏன் இவ்வளவு நாளா பூட்டிக் கெடக்குன்னு கேக்கறியா? கேளு. கேக்கணும். வீடு பாக்க வர்றவங்க கேக்கத்தான் செய்வாங்க. எதிர்வீட்டுல போய்க் கேட்டா அவ ஒண்ணு சொல்லுவா. அதுக்கு என் வாயாலயே கேட்டுட்டுப் போ. சொர்ணம் ஒண்ணுன்னா ஒண்ணுதான் சொல்லுவா, ரெண்டு சொல்ல மாட்டா. திருச்சியில இந்த ஏரியாவுல யாரை வேணா கேளு.

இங்க ஏழு வருஷம் இருந்தாங்க கருணாகரனும் அவர் சம்சாரம் அமுதவல்லியும். அவரு மருந்து மொத்தக் கடையில சூப்பர்வைசர். பிள்ளைங்க இல்ல. அவரோட அப்பா கூட இருந்தாரு, ராஜமாணிக்கம்னு பேரு, ரயில்வேல இருந்து ரிட்டயர் ஆனவரு. தங்கமான மனுஷங்க. குறையே சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பதினோரு மாசமும் அக்ரிமெண்ட் போடுவோம், ஒருநாளும் முகம் சுளிச்சதில்ல. அந்தப் பெரியவருக்கும் எனக்கும் ரொம்ப ஒட்டு. என்னைத் தாயின்னுதான் கூப்பிடுவாரு. காலையில மோட்டார் போடறது, தொட்டி நெறஞ்சதும் நிறுத்தறது எல்லாம் அவர்தான். நான் மாடியில இருந்து எட்டிப் பாக்கறதுக்குள்ள நிறுத்தியிருப்பாரு. ஒரு சொட்டு வழியாது. எங்கப்பா இருந்தாக்கூட அப்படி என் வீட்டைப் பாத்துக்கிட்டிருக்க மாட்டாரு, அதைச் சொல்லணும்ல.

போன தை மாசம் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துருச்சு. கையும் காலும் வரல. பேச்சு குழறும், ஆனா ஆள் தெரியும். அந்தா, அந்த ஜன்னலோர ரூம்லதான் படுக்க வச்சிருந்தாங்க. படுத்தே கெடந்தா முதுகெல்லாம் புண்ணு வரும்னு டாக்டர் ஒரு காத்து மெத்தை வாங்கச் சொன்னாரு. நீ பாத்திருக்கியா? பக்கத்துல ஒரு சின்ன மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு வரிசையில காத்து ஏறும், அடுத்த வரிசையில எறங்கும். அதனால ஒரே எடத்துல பாரம் அழுத்தாது. கரெண்டு போனா மெத்தை தட்டையாயிரும்.

அந்த சமயத்துலதான் அவங்க சொந்தமா ஃபிளாட் வாங்கியிருந்தாங்க. பைபாஸ் பக்கம், மூணாவது மாடி. எனக்குச் சந்தோஷம்தான். வாடகைக்கு இருக்கறவங்க வீடு வாங்கினா எனக்குப் பொறாமையே வராது, அந்தக் குணம் எனக்கு இல்ல. சித்திரையில பில்டர் சாவி தந்துருவேன்னு சொன்னான் போல. அதை நம்பி மே ஒண்ணாந்தேதி கருணாகரன் எங்கிட்ட எழுதிக் குடுத்தாரு, ஜூன் முப்பதோட காலி பண்றோம்னு. அக்ரிமெண்ட்ல அப்படித்தான், ரெண்டு பக்கமும் ரெண்டு மாசம் முன்னாடி சொல்லணும். அவர் சொன்னாரு, நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன். அன்னிக்கே கேட்டுல போர்டு மாட்டிட்டேன்.

வீடு பாக்க ஆளுங்க வந்தாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா நாலு குடும்பம். அமுதவல்லி பாவம், ஒவ்வொரு தடவையும் பெரியவருக்குப் போர்வையை இழுத்து விட்டுட்டு, ரூமைத் தொறந்து காட்டுவா. வந்தவங்கள்ல ஒரு பேங்க் மேடம் இருந்தாங்க. புருஷன், பொண்ணுன்னு சின்னக் குடும்பம். புடிச்சுப்போச்சு. டோக்கன் அட்வான்ஸ் குடுத்தாங்க. ஆனி மாசத்துக்குள்ள பால் காய்ச்சிரணும், ஜூலை ரெண்டாவது வாரத்துல ஒரு நல்ல நாள் இருக்கு, அதுக்குள்ள பெயிண்ட் அடிச்சுக் குடுத்துருங்கன்னு சொன்னாங்க. நான் சரின்னேன். அவங்களும் அவங்க இருந்த வீட்டுல நோட்டீஸ் குடுத்துட்டாங்க. அப்படித்தானம்மா இது. ஒரு வீட்டுல ஆள் எறங்கினாத்தான் அடுத்த வீட்டுல ஆள் ஏற முடியும். ஒருத்தர் நின்னா பின்னாடி எல்லாரும் நிக்கணும்.

ஜூன் பாதியில கருணாகரன் மாடிக்கு வந்தாரு. வந்தா எப்பவும் கதவுகிட்டயே நிப்பாரு. அன்னிக்கு உக்காந்துட்டாரு.

“அக்கா, வீடு இன்னும் முடியலக்கா. நிரந்தர கரெண்டு லைன் வரல. கட்டடம் முடிஞ்சதுன்னு சர்டிபிகேட் வாங்கினாத்தான் மீட்டர் குடுப்பாங்களாம், அது ஆபீஸ்ல நிக்குது. கட்டுமான வேலைக்கு எடுத்த லைன்லதான் எல்லாம் ஓடுது. கீழ டைல்ஸ் வெட்டற மெஷினைப் போட்டா மேல மொத்தமும் போயிருது. லிஃப்ட்டும் ஓடல. ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி எப்படியும் லைன் வாங்கித் தந்துர்றேன்னு பில்டர் சொல்றாரு. ஒரு பதினஞ்சு நாள் சேத்துக் குடுங்கக்கா. வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க. எத்தனாந்தேதி எறங்குவேன்னு எழுதியே குடுத்துர்றேன்.”

நான் நல்லபடியாத்தான் பேசினேன். கோவப்படல. நான் கேட்டேன், “தம்பி, பதினஞ்சு நாள்ல பில்டர் தரலன்னா?” நீயே சொல்லு. ஜூலை பதினேழு ஆடி பொறக்குது. ஆடியில யாராவது புது வீட்டுக்குக் குடி போவாங்களா? அப்ப பதினஞ்சு நாளுங்கறது பதினஞ்சு நாளா? அது ஆவணி வரைக்கும் போயிரும். ஆடியில போன்னு நானும் சொல்ல முடியாது, சொன்னா பாவம். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதா? எத்தனை குடித்தனத்தைப் பாத்திருக்கேன்.

“நாங்க ஆனிக்குள்ள பாலை மட்டும் காய்ச்சி வச்சிர்றோம்க்கா. அப்புறம் ஆடியில சாமான் கொண்டு போனாலும் தோஷம் இல்ல,” அப்படின்னாரு.

அதையும் நான் விடல. பால் காய்ச்சியாச்சுன்னா அங்க குடி போனதாத்தானே அர்த்தம்? அங்க பால் பொங்கின வீடு இருக்க, இங்க இன்னொருத்தன் வீட்டுல அடுப்பு எரிச்சா அது எப்படி ஒரு குடும்பம் ரெண்டு எடத்துல வாழறது? வீட்டு லட்சுமி எங்க நிப்பா? சொன்னேன்.

அடுத்த நாள் அமுதவல்லி வந்தா. அவ கேட்டது வேற மாதிரி. சாமானெல்லாம் தேதிப்படி ஏத்திர்றோம், நானும் மாமாவும் மட்டும் அந்த ஜன்னலோர ரூம்ல இருந்துக்கறோம், மத்த ரூமெல்லாம் நீங்க பெயிண்ட் அடிக்க ஆரம்பிங்க, கடைசியா இந்த ரூமை அடிச்சுக்கலாம், கரெண்டு மட்டும் இருந்தாப் போதும்க்கான்னு கேட்டா. அழல. சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கிட்டே கேட்டா. பெயிண்ட் நெடி அந்தப் பெரியவருக்கு ஆகுமா? நெஞ்சுல சளி வேற. நான் அவர் ஒடம்பை நெனச்சுத்தான் வேண்டாம்னேன். என்னைத் தவிர வேற யாராவது அந்த நெடியை யோசிச்சாங்களா?

எங்க வீட்டுக்காரருக்கு மனசு எளகிப் போச்சு. “குடுத்துரலாமே சொர்ணம், அந்த மேடம்கிட்ட நான் பேசறேன், ஆவணியில வரச் சொல்லுவோம். வரலன்னா டோக்கனைத் திருப்பிக் குடுப்போம். வேற ஆள் வராமலா போயிரும்?” அப்படின்னாரு. இவருக்கு என்ன, சொல்லிட்டு பேப்பரை விரிச்சிருவாரு. வார்த்தை குடுத்தது யாரு? நான்.

சரி, உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு. அது ஒண்ணு மட்டும் காரணம் இல்ல. மண்ணச்சநல்லூர்ல எங்க கொழுந்தனார் வீட்டுல நடந்ததை நான் கண்ணால பாத்தேன். அங்க வாடகைக்கு இருந்தவங்களோட அம்மா அவிட்ட நட்சத்திரத்துல போயிட்டாங்க. அந்த நட்சத்திரத்துல உயிர் போனா வீட்டை அடைக்கணும்ல, அடைப்பு ஆறு மாசம்னு ஐயர் சொல்லிட்டாரு. உயிர் போன எடத்தைப் பூட்டி வச்சாங்க. குடியிருந்தவங்க வேற வீடு பாத்துப் போயிட்டாங்க. அப்புறம் யாரும் வரல. வந்தவங்க எல்லாம் பக்கத்துல விசாரிச்சுட்டு அப்படியே போயிட்டாங்க. அழகான வீடு, ஒட்டடை புடிச்சுக் கெடந்துச்சு. எங்களுக்குப் பென்சன் கெடையாதும்மா. இந்தக் கீழ்வீடுதான் எங்களுக்குச் சோறு. பெரியவரைப் பாத்தேன், மூச்சு ஒரு மாதிரி இழுத்துக்கிட்டிருந்தது. அன்னிக்கு மாடிக்கு வந்து காலண்டரைப் புரட்டினேன். ஜூலையில எந்தெந்த நாள் அவிட்டம், எந்தெந்த நாள் சதயம்னு பாத்தேன். யாரா இருந்தாலும் பாப்பாங்க.

அதைப் போய் அவங்ககிட்டச் சொல்ல முடியுமா? நாகரிகம் இல்ல. அதனால அக்ரிமெண்ட்டைத்தான் சொன்னேன். அது பொய்யில்லையே. எழுதினது எழுதினதுதானே.

ஜூன் முப்பது காலையில டெம்போ வந்துச்சு. நான் வெறுங்கையோட அனுப்பல. அமுதவல்லிக்கு மஞ்சள் குங்குமம், வெத்தலை பாக்கு, ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் தட்டுல வச்சுக் குடுத்தேன். என் கால்ல விழுந்தா. நல்லா இரு, சொந்த வீட்டுல சீரும் சிறப்புமா இருன்னு வாழ்த்தினேன். சாமானெல்லாம் ஏத்தினப்புறம் பெரியவரைக் கொண்டு வந்தாங்க. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில வச்சு, வேட்டியால இடுப்பைச் சுத்திக் கட்டி, சுமை தூக்கறவங்க ரெண்டு பேரு தூக்கினாங்க. வாசல்ல வரும்போது நல்லா இருக்கற கையால கேட்டைப் புடிச்சுக்கிட்டாரு. விடல.

“எங்க தாயி போறோம்?” குழறிக் குழறிக் கேட்டாரு.

“உங்க மகன் வீடு வாங்கியிருக்காரு ஐயா. சொந்த வீட்டுக்குப் போறீங்க.”

“மோட்டார் யாரு நிறுத்துவா?”

எனக்கு அழுகை வந்துருச்சும்மா. நெசமாச் சொல்றேன். நான் பாத்துக்கறேன் ஐயா, நீங்க போயிட்டு வாங்கன்னு அவர் வெரலை ஒவ்வொண்ணா நான்தான் எடுத்து விட்டேன். மகனை எடுக்க விடல. நான் சொன்னாத்தான் கேப்பாருன்னு எனக்குத் தெரியும்.

அதுக்கப்புறம் இந்த வீடு எனக்குக் குடுத்த பாடு இருக்கே. பெயிண்டர் வந்து செவரைச் சுரண்டினான். அந்த ரூம்ல பீரோ இருந்த எடத்துக்குப் பின்னாடி மொத்தமும் ஓதம். பூச்சு கையோட வருது. கொத்திட்டுத் திரும்பப் பூசணும், பூசினது காயணும், காயாம மேல பட்டி மாவு பூசினா உரிஞ்சு வந்துரும்னான். காயறதுக்குள்ள அவனுக்கு வேற வேலை வந்துருச்சு. ஆனியில எல்லாரும் வீடு மாத்துவாங்கல்ல, பெயிண்டருங்க கையில புடிக்க முடியாது. போனைப் போட்டா நாளைக்கு நாளைக்குன்னான்.

அந்த மேடத்துக்கு நானே போன் பண்ணினேன். மேடம், ஒரு பத்து நாள் பொறுத்துக்கங்க, செவரு காயட்டும், வேணும்னா பாலை மட்டும் காய்ச்சிட்டுப் போங்க, ஒரு ரூம் தயாரா இருக்கு, சாமான அதுல போட்டுக்கங்க, மத்ததை நான் முடிச்சுத் தர்றேன்னு எவ்வளவு தணிஞ்சு கேட்டேன் தெரியுமா? நான் வாழ்க்கையில யாருகிட்டயும் அப்படிக் கேட்டதில்ல. அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? “சொன்ன தேதின்னா சொன்ன தேதிங்க. நாங்க அங்க காலி பண்ணியாகணும். உங்க கஷ்டத்துக்கு நாங்க தெருவுல நிக்க முடியுமா?” அப்படின்னு வச்சுட்டாங்க. டோக்கனையும் திருப்பி வாங்கிட்டு வேற வீடு பாத்துட்டுப் போயிட்டாங்க. என்ன மனுஷங்கம்மா. பத்து நாள். ஒரு பத்து நாள் பொறுக்க முடியாதா? செவரு காயறது என் கையிலயா இருக்கு? படிச்சவங்க, பேங்க்ல வேலை, ஆனா அடுத்தவங்க நெலமைன்னு ஒண்ணு இருக்குன்னு தெரியல பாரு. ஆடி பொறந்துருச்சு. ஆடியில வீடு பாக்கக்கூட ஒரு ஆள் வரல. பூட்டு பூட்டினபடி.

ஆடி வெள்ளி ரெண்டாவது போச்சு, மூணாவது வரல, அதுக்குள்ள பெரியவர் போயிட்டாருன்னு போன் வந்துச்சு.

போனேன். போகாம இருப்பேனா? எங்க வீட்டுக்காரரும் நானும் மூணு மாடி ஏறினோம். படியில சிமெண்டும் மணலும். ஏறும்போதே எனக்கு மூச்சு வாங்கிருச்சு, இதுல அவரை எப்படித் தூக்கினாங்களோ. உள்ள போனா வெக்கை. ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருக்காங்க, ஒரு பல்பு மினுக்கு மினுக்குன்னு எரியுது. அந்த மெத்தை ஒரு மூலையில மடிச்சுக் கெடந்துச்சு. அமுதவல்லிதான் சொன்னா. பகல்ல வேலை நடக்கற நேரமெல்லாம் கரெண்டு போயிருமாம். மெத்தை தட்டையாயிரும். இவளும் கருணாகரனும் மாத்தி மாத்தி அவரைப் பொரட்டிப் போட்டிருக்காங்க. ஒரு ஆள் பொரட்டற பாரமா அது? கருணாகரன் வேலைக்குப் போயாகணும்ல. முதுகுல ஒரு எடம் செவந்துச்சாம், அப்புறம் தோல் போச்சாம், அப்புறம் குழியா விழுந்துருச்சாம். காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில சேத்து, அங்கயே முடிஞ்சிருச்சு.

பெரியவருக்குப் பொண்ணு ஒருத்தி புனேயில இருக்கா. அவ வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சுக் காட்டலாம்னு பாத்திருக்காங்க. ஐஸ் பெட்டிக்கும் கரெண்டு வேணுமே. அந்த லைன் தாங்காதுன்னுட்டாங்க. வேற வழியில்லாம, அவ வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. நாங்க இருக்கும்போதுதான் அந்தப் பொண்ணு படியேறி வந்தா. எங்கண்ணே அப்பான்னு கேட்டா.

இதுக்குத்தான் சொல்றது, கரெண்டு வராத வீட்டுக்கு நோட்டீஸ் குடுத்துட்டு அவசரப்படக் கூடாதுன்னு. அந்த பில்டர் நல்லா இருப்பானா? எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிச்சுட்டு, காலண்டரை எடுத்து நட்சத்திரம் பாத்தேன். ஒரு அடைப்பும் இல்லாத நாள்ம்மா. நல்ல நாள். புண்ணியவான், யாருக்கும் ஒரு தொந்தரவு வைக்கல.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒருநாள் கருணாகரன் வந்தாரு, மீதி அட்வான்ஸுக்கு. மொட்டை போட்டிருந்தாரு, ஆள் பாதியாயிட்டாரு. எல்லாம் நான் சரியா எடுத்து வச்சிருந்தேன், குடுத்துட்டேன். வாங்கிக்கிட்டு எண்ணாம பையில போட்டாரு. போவாருன்னு பாத்தா நின்னாரு.

“அக்கா, வீட்டை ஒருதரம் பாத்துக்கட்டுமா?”

தொறந்து விட்டேன். நேரா அந்த ரூமுக்குப் போனாரு. செவரெல்லாம் புதுசா இருந்துச்சு. நடுவுல நின்னு ஃபேனைப் போட்டாரு. அது சும்மா சுத்துது. அதைப் பாத்துக்கிட்டே தரையில உக்காந்துட்டாரு. ஃபேன் காத்து அந்த மொட்டைத் தலையில படுது. நான் கதவு நெலையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

“யாரும் வரலையாக்கா இன்னும்?”

“இல்ல தம்பி. அந்த மேடம் வரல.”

“அப்ப ஆடி முழுக்க பூட்டியேதான் கெடந்துச்சா?”

“ஆமா தம்பி.”

சரிங்கக்கான்னாரு. அவ்வளவுதான். எழுந்து ஃபேனை நிறுத்தினாரு, கதவைச் சாத்தினாரு, கும்பிட்டாரு, போயிட்டாரு. ஒரு வார்த்தை தப்பாப் பேசல. பேசியிருந்தாக்கூட நான் திருப்பி ரெண்டு பேசியிருப்பேன். எனக்கும் பாரம் எறங்கியிருக்கும். அன்னிக்கு மோட்டார் போட்டுட்டு மறந்துட்டேன், தண்ணி வழிஞ்சு தெருவுக்குப் போயிருச்சு, எதிர்வீட்டுக்காரி வந்து கத்தினா. நான் சமையல்கட்டுல உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். எதுக்கு அழறேன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு. ஒரு பெரிய மனுஷன் போனா அழ மாட்டாங்களா? அவர் அதுக்கப்புறம் எங்கிட்ட அதிகமாப் பேசறதில்ல. அவர் எப்பவுமே பேச்சு கம்மிதான்.

அவ்வளவுதான் கதை. இந்த வீட்டுல ஒண்ணும் நடக்கல. அதைத்தான் நீ தெரிஞ்சுக்கணும். ஒரு கெட்டதும் இந்த வாசப்படிக்குள்ள நடக்கல, யாரு வேணா என்ன வேணா சொல்லட்டும். செவரு நல்லாக் காஞ்சிருச்சு, தொட்டுப் பாரு.

ஆவணியில நல்ல நாள் நெறைய இருக்கு. உனக்குப் புடிச்சிருந்தா நாளைக்கே டோக்கன் குடுத்துரு, நான் வேற யாருக்கும் காட்டல. நீ, உன் வீட்டுக்காரரு, கொழந்தை, அவ்வளவுதானே? அப்படியா, மாமியாரும் கூட இருக்காங்களா. இருக்கட்டும், இருக்கட்டும், பெரியவங்க இருந்தா வீட்டுக்கு அழகுதான்.

நல்லா எழுந்து நடமாடறாங்கல்ல?